வேலை தேடுவோரின் முதல் மடல்: மனு வேறு, விண்ணப்பம் வேறு

மனு எழுதுவது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புதிய விடயமல்ல. கிராம அலுவலருக்கும் பிரதேச செயலாளருக்கும் நிவாரண நிறுவனங்களுக்கும் எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறோம். அவற்றில் எமது இழப்பையே முதலில் எழுதினோம். எத்தனை முறை இடம்பெயர்ந்தோம், எத்தனை ஏக்கர் காணி போயிற்று, வீட்டில் எத்தனை பேர் என்பவற்றைப் பார்த்தே உதவி கிடைத்தது.

இன்று எமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் LinkedIn என்னும் தொழில்சார் வலைத்தளத்தினூடாக வேலை தேடுகிறார்கள். நிறுவனங்களுக்கு ஆட்சேர்க்கும் அலுவலர்களுக்கு அங்கு நேரடியாக எழுதலாம். ஆனால் பலர் அதையும் மனுவைப் போலவே எழுதிவிடுகிறார்கள். "எமது குடும்பம் மிகவும் கஷ்டப்படுகிறது, ஏதாவது ஒரு வேலை தாருங்கள்" என்ற மடலுக்கு மறுமொழி வருவது அரிது. அந்த அலுவலரிடம் பங்கிடுவதற்கு உதவி எதுவும் இல்லை. அவர் கையில் இருப்பது நிரப்பவேண்டிய சில பதவிகள் மட்டுமே. மடல் எந்தப் பதவியைப் பற்றியது, எழுதியவர் அதற்குப் பொருந்துவாரா என்பதையே அவர் பார்ப்பார். "ஏதாவது வேலை" என்றால் எந்தக் கோப்பில் வைப்பதென்று அவருக்குத் தெரியாது.

யாருக்கு எழுதுவது என்பதை முதலில் அறிய வேண்டும். சில விளம்பரங்களின் கீழ் Meet the hiring team என்ற தலைப்பில் பொறுப்பான அலுவலரின் பெயர் இருக்கும். அவருடைய பக்கத்தில் Connect என்பதை அழுத்தினால், Add a note என்று ஒரு குறிப்பு எழுத இடம் தரப்படும். இலவசக் கணக்கில் அக்குறிப்பு 200 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். சொற்களுக்கிடையிலான இடைவெளியும் எண்ணப்படும். மாதத்திற்கு ஒரு சில குறிப்புகளே அனுப்பலாம் என்பதால், முதலில் கொப்பியில் எழுதித் திருத்திக்கொள்வது நல்லது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பால் சேகரிக்கும் நிறுவனமொன்று வவுனியாவில் கள உத்தியோகத்தர் தேவையென விளம்பரம் செய்கிறது. பண்ணையாளருடன் வேலை செய்த அனுபவமும் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரமும் கேட்கப்படுகின்றன. கூட்டுறவுப் பால் நிலையத்தில் வேலை செய்த ஒரு பெண்பிள்ளை இவ்வாறு எழுதலாம்:

"வவுனியா கள உத்தியோகத்தர் பதவி, இலக்கம் 14. கூட்டுறவுப் பால் நிலையத்தில் 2 வருட அனுபவம்: 85 பண்ணையாளர், தினமும் 600 லீற்றர். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் உண்டு. விண்ணப்பம் இன்னும் ஏற்கப்படுகிறதா?"

விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் மடலையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அப்போதும் இது 200 எழுத்துகளுக்குள் அடங்கும். பெயர் மடலுடன் தானாகவே தெரியும்; அதை எழுதத் தேவையில்லை. பதவியும் இலக்கமும் முதலில் வருவதால் அலுவலருக்கு உடனே விளங்கும். அடுத்து விளம்பரம் கேட்ட இரண்டு விடயங்கள் மட்டும் வருகின்றன. "கடின உழைப்பாளி" என்று யாரும் எழுதலாம். 85 பண்ணையாளர் என்பதை அவ்வேலையைச் செய்தவரே எழுத முடியும். கடைசியில் ஒரே சொல்லில் மறுமொழி சொல்லக்கூடிய கேள்வி இருக்கிறது. "வேலை தருவீர்களா" என்பதற்கு அவரால் உடனே விடை சொல்ல முடியாது.

முகாமில் கழிந்த வருடங்களை எழுதுவதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. அதில் மறைக்க எதுவுமில்லை. ஆனால் இச்சிறு மடலில் அதற்கு இடம் போதாது. நேர்முகப் பரீட்சையில் இடைவெளியைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். வீட்டுப் பசுக்களைப் பராமரித்ததும் தோட்டம் செய்ததும் பதவிக்குப் பொருந்துமானால் அவையும் அனுபவமே.

மடல் அனுப்பியதோடு நின்றுவிடாமல், விளம்பரத்தில் சொன்னபடி விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டும். மடல் அதற்கு ஈடாகாது. அழைப்பை அவர் ஏற்றும் ஒரு வாரமாக மறுமொழி இல்லையென்றால், ஒரே ஒரு முறை சுருக்கமாக நினைவூட்டலாம். ஏற்காவிட்டால் அவசரப்பட்டு அழைப்பை மீளப்பெறக் கூடாது. மீளப்பெற்றால் அவருக்கு மீண்டும் அழைப்பு அனுப்ப 3 வாரங்கள் வரை காத்திருக்க நேரிடும்.

ஆட்சேர்ப்பவர் என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுவோரும் அங்கு உண்டு. முதல் மடலில் அடையாள அட்டை இலக்கத்தையோ கடவுச்சீட்டுப் பிரதியையோ கொடுக்க வேண்டாம். பதிவுக்கட்டணம் என்று அவர் பணம் கேட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு வேலையென்றால், அந்த முகவர் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்த பின்னரே அடுத்த மடலை எழுத வேண்டும்.