குலுக்கல் ஏன் காரணத்தைக் காட்டுகிறது?

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு இதயநோய் குறைவு என்று அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு காட்டியது. காத்தது மாத்திரைதானா? அதை எடுத்தவர்களில் படிப்பு, வசதி, உடல்நல அக்கறை கூடுதலாக உள்ளவர்கள் அதிகம். இவை மாத்திரையை நாடவும் வைக்கும், இதயத்தையும் காக்கும். இப்படி இருபக்கமும் செயல்படும் மூன்றாவது காரணியே குழப்பக் காரணி. கணக்கில் அதைக் கழித்துவிடலாமே என்பார்கள். அளந்ததைத்தான் கழிக்க முடியும். அளக்காதது உள்ளேயே தங்கிவிடும்.

அதனால் இன்னொரு ஆய்வில் 16,608 பெண்களுக்கு அசல் மாத்திரையா, போலி மாத்திரையா என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. குலுக்கலுக்கு யாருடைய வசதியும் அக்கறையும் தெரியாது. ஆகவே அளந்தவை, அளக்காதவை எல்லாமே இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவின. மிஞ்சிய பெரிய வேறுபாடு மாத்திரை மட்டுமே. 2002இல் வந்த முடிவில் இதயநோய் குறையவில்லை. சற்றுக் கூடியே இருந்தது. மார்பகப் புற்றுநோயும் கூடியதால் அந்தச் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது.

குலுக்கலும் தற்செயலாக ஒருபக்கம் சாயலாமே? சாயலாம். ஆனால் அந்தச் சாய்வு எவ்வளவு இருக்கக்கூடும் என்று கணக்கிட முடியும். ஆட்கள் கூடக்கூட அது சுருங்கும். மனிதரின் சொந்தத் தேர்வால் வரும் சாய்வோ, எத்தனை பேரைச் சேர்த்தாலும் மாறாது. குலுக்கலுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தப் பெண்களின் சராசரி வயது 63. ஐம்பது வயதில் தொடங்குவோருக்கும் இதே விளைவுதான் என்று இந்தச் சோதனை மட்டுமே சொல்லிவிடாது.