நாள் டேட்டா தீர்ந்த பிறகும் திறக்கும் பக்கம்

போனில் சேலை பார்க்க நேரம் கிடைப்பதே பலருக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்திருக்கும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று கிடைக்கும் பேக்குகளில், அளவு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடுவதில்லை. வேகம் மட்டும் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். திரையின் மேலே 4ஜி என்றுதான் காட்டும். வாட்ஸ்அப்பில் செய்தி போகும், வரும். அக்கா அனுப்பிய சேலை லிங்க்கைத் தொட்டால் மட்டும் வெள்ளைத் திரை.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 64 கிலோபிட் என்பது நொடிக்கு 8 கிலோபைட். சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடையின் விளம்பரப் பக்கம் 6 எம்பி எடை என்று வைத்துக்கொள்வோம். சிறு கடைகளின் பக்கங்களில் இது அதிசயமான எடை இல்லை. அது முழுதாக இறங்கப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். டேட்டா தீராதவருக்கும் பெரிய நிம்மதி இல்லை. டவரில் கூட்டம் நெரியும் நேரத்தில் 1.6 எம்பிபிஎஸ் கிடைத்தால், அதே பக்கத்துக்கு 30 நொடி வேண்டும். வாங்க வந்தவர் அதற்குள் அடுத்த விளம்பரத்துக்குப் போயிருப்பார். கடைக்காரரோ அந்த ஒரு தொடுதலுக்கான காசை ஏற்கெனவே கட்டிவிட்டார்.

அந்த 6 எம்பியைப் பிரித்துப் பார்ப்போம். மேலே தானாக நகரும் மூன்று படங்கள், ஒவ்வொன்றும் 1.5 எம்பி. படத்தை நகர்த்தவும், சாட் பெட்டி காட்டவும், தள்ளுபடி பாப்-அப் எழுப்பவும், வந்தவர்களை எண்ணவும் சேர்த்த ஸ்கிரிப்ட்டுகள் 900 கேபி. அலங்கார எழுத்துருக்கள் 300 கேபி. மீதி சில்லறை. வாங்குபவர் தேடி வந்த சேலையின் பெயர், விலை, ஆர்டர் செய்யும் வழி ஆகிய மூன்றும் எழுத்தாக 1 கேபிகூட வராது. ஆனால் பல பக்கங்களில் ஸ்கிரிப்ட் முழுக்க இறங்கி ஓடிய பிறகுதான் அந்த எழுத்துகளே திரைக்கு வருகின்றன. முதலில் வர வேண்டியது கடைசியில் வருகிறது. எடையைவிடப் பெரிய கோளாறு இந்த வரிசைதான் என்பேன்.

அதனால் முதல் வேலை வரிசையை மாற்றுவது. பெயர், விலை, ஆர்டர் பட்டன் மூன்றையும் பக்கத்தின் எச்டிஎம்எல்லிலேயே நேரடியாக எழுதிவிட வேண்டும். அதற்கு வேண்டிய கொஞ்சம் சிஎஸ்எஸ்ஸையும் அதற்குள்ளேயே வைத்து, மொத்தத்தையும் 14 கேபிக்குள் அடக்குவது நல்லது. புதிய இணைப்பில் சர்வர் முதல் தவணையாக அனுப்புவது வழக்கமாக அவ்வளவுதான். மேற்கொண்டு அனுப்ப, போனிலிருந்து பதில் வரக் காத்திருக்கும். 14 கேபி என்றால் 64 கேபிபிஎஸ்ஸிலும் இரண்டு நொடிக்குள் இறங்கிவிடும். இணைப்பு ஏற்படும் நேரத்தையும் சேர்த்தால், நான்கைந்து நொடியில் விலை கண்ணில் படும். தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்கத் தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது.

சாட் பெட்டிக்குப் பதில் சாதாரண `wa.me` லிங்க் போதும். தொட்டால் நேராகக் கடையின் வாட்ஸ்அப் திறக்கும். அதற்கு எந்த ஸ்கிரிப்ட்டும் வேண்டாம். ஸ்கிரிப்ட்டின் சுமை டேட்டாவோடு முடிவதில்லை. இறங்கியதைப் பிரித்துப் படித்து ஓட்டும் வேலை போனின் தலையில் விழுகிறது. விலை குறைந்த போனில் அது பல நொடி எடுக்கும். சேலை திரையில் தெரியும், பட்டனைத் தொட்டால் அசைவே இருக்காது. இதைக் கண்டால் நெட்வொர்க்கைக் குறை சொல்ல வேண்டாம். கோளாறு ஸ்கிரிப்ட்டில் இருக்கிறது.

அடுத்தது படம். சேலை வியாபாரத்தில் இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம் இருக்கும். வாங்குபவரின் போன் திரை பெரும்பாலும் 720 பிக்சல்தான். ஆகவே 720 அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி வடிவத்துக்கு மாற்றினால், ஒன்றரை எம்பி படம் 80 கேபி அளவுக்கு வந்துவிடும். ஆனால் சுங்குடியின் அழகு அதன் பொடிப் புள்ளிகளில் இருக்கிறது. வெப்பி, படத்தைச் சுருக்கும்போது வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடு வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்துவிடும். மனித முகத்தில் இது தெரியாது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி என்றால், புள்ளியின் ஓரத்தில் நிறம் கசிந்து துணியே மங்கலாகத் தோன்றும். கூகுள் தரும் இலவசக் கருவியான `cwebp`-இல் இதைக் குறைக்க வழி இருக்கிறது:

```
cwebp -q 75 -sharp_yuv -resize 720 0 selai.jpg -o selai.webp
```

மாற்றிய படத்தைச் சேலையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளி இன்னும் கலங்கினால் தரத்தை 85 ஆக்குங்கள். 30 கேபி கூடுவது பரவாயில்லை. நிறம் வேறு மாதிரி இருக்கிறது என்று திரும்பி வரும் பார்சலின் செலவு அதைவிட அதிகம்.

நகரும் மூன்று படங்களுக்குப் பதில் ஒரே நல்ல படம் மேலே நிற்கட்டும். மற்றவை கீழே, விரல் அங்கே போகும்போது இறங்கினால் போதும்.

```html
<img src="selai.webp" width="720" height="900" fetchpriority="high" alt="அரக்குச் சிவப்பு சுங்குடி">
<img src="munthanai.webp" width="720" height="900" loading="lazy" alt="முந்தானை">
```

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, `loading="lazy"` என்பதை முதல் படத்துக்கும் போட்டுவிடுவது. அப்போது முதலில் தெரிய வேண்டிய படமே தாமதமாகும். அகலம், உயரம் குறிப்பதை விட்டுவிட்டால் வேறு தொல்லை. படம் வந்து விழும்போது கீழே இருக்கும் பட்டன் நகர்ந்து, ஆர்டரைத் தொடப் போன விரல் வேறு எதையோ தொட்டுவிடும். சேலை கட்டிக் காட்டும் வீடியோவும் வைக்கலாம். ஆனால் தானாக ஓடக் கூடாது. வேண்டியவர் தொட்டால் ஓடட்டும்.

இவ்வளவும் செய்தால் முதல் திரை 100 கேபி அளவில் நிற்கும். கூட்ட நேரத்து 4ஜியில் இரண்டு நொடிக்குள் வந்துவிடும். டேட்டா தீர்ந்தவருக்கு விலை முதலில் வரும், அடுத்த பத்து நொடியில் படம் வரும். சர்வரே பதில் சொல்ல மூன்று நொடி எடுத்துக்கொண்டால் மட்டும் இந்த உழைப்பு பலிக்காது. ஹோஸ்டிங்கை மாற்றத்தான் வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று கடையின் வைஃபையில், புதுப் போனில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விலை குறைந்த போன் ஒன்றில், டேட்டா தீர்ந்த சிம்மோடு, இன்ஸ்டாகிராம் வழியாகவே திறந்து பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராம் தன் உள்ளேயே ஒரு பிரவுசரில் பக்கத்தைத் திறக்கிறது. குரோமில் முன்பே பார்த்துச் சேமித்தது எதுவும் அங்கே உதவாது. ஒவ்வொரு புதியவரும் முழு எடையையும் சுமக்கிறார்.

மெட்டாவின் விளம்பரக் கணக்கில் இரண்டு எண்கள் இருக்கின்றன. `Link clicks` என்பது லிங்க்கைத் தொட்டவர்கள். `Landing page views` என்பது பக்கம் திறக்கும்வரை இருந்தவர்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. கைதவறித் தொட்டவர்களும் உண்டு. ஆனால் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள் என்றால், விளம்பரப் படத்தையோ விலையையோ மாற்றுவதற்கு முன் பக்கத்தின் எடையைப் பார்க்க வேண்டும். பக்கத்தை இளைக்க வைத்த பிறகு, விளம்பரத்தைத் தொடாமல் ஒரு வாரம் விட்டு, அதே இரண்டு எண்களை மறுபடி பார்க்கலாம். இடைவெளி குறைந்திருந்தால், வெள்ளைத் திரையோடு திரும்பிப் போனவர்களில் சிலராவது இப்போது விலையைப் பார்க்கிறார்கள்.