மலிவுக்குக் காரணம் சொல்லும் விளம்பரம்

ஆடி மாதத்தில் துணிக்கடைகள் விலையைக் குறைப்பதற்கு நேரான காரணங்கள் உண்டு. ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் வியாபாரம் மந்தம். அடுத்து தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும். அதற்கு அலமாரியில் இடமும் கையில் பணமும் வேண்டும். கோடைக்காக வாங்கிய பருத்தி உடைகள் விற்காமல் கிடந்தால் இரண்டையும் அவையே அடைத்துக்கொண்டிருக்கும். லாபத்தைக் குறைத்துக்கொண்டாவது அவற்றைத் தள்ளிவிடுவது கடைக்காரருக்கு நல்லது. இதில் மறைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் விளம்பரத்தில் இந்தக் காரணம் மட்டும் வருவதில்லை. ‘மாபெரும் தள்ளுபடி’, ‘நம்ப முடியாத விலை’ என்ற சொற்களே வருகின்றன.

நம்ப முடியாத விலை என்றால் வாங்குபவர் நம்பாமல்தான் போவார். பாதி விலைக்கு ஒரு பொருளைப் பார்த்ததும், இதில் என்ன ஓட்டை என்றுதான் முதலில் தோன்றும். நேரில் வந்தவர் துணியைத் திருப்பிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்துச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வார். இணையக் கடையிலோ வாட்ஸ்அப் பட்டியலிலோ பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. பொருளோடு எழுதியிருக்கும் நாலு வரிதான் அவருக்குக் கையும் கண்ணும். ஆகவே பருவம் முடிந்த சரக்குக்கு எழுதும் வரிகள் மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும்: முன்பு என்ன விலைக்கு விற்றது, ஏன் மீந்தது, பொருளில் குறை உண்டா?

ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் நீலப் பூ அச்சிட்ட பருத்தி குர்தி 240 வாங்கிப் போட்டது. மார்ச் முதல் ஜூன் வரை ஒன்று 699 ரூபாய்க்கு விற்றது. ஜூலை நடுவில் எண்ணிப் பார்த்தால் 64 மீதம். விளம்பரம் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, இந்த 64-ஐயும் வெளியே எடுத்துப் பிரிப்பது. இதைத்தான் பலரும் செய்வதில்லை. மொத்தத்தையும் ‘க்ளியரன்ஸ்’ என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் எஸ் அளவில் 31, எம் அளவில் 2, டபுள் எக்ஸ்எல் அளவில் 17 நல்ல உடைகள். எல்லும் எக்ஸ்எல்லும் ஒன்றுகூட இல்லை. துணி வியாபாரத்தில் இப்படி இடையில் அளவு விட்டுப்போன சரக்கைக் ‘கட் சைஸ்’ என்பார்கள். மிச்சமுள்ள 14-இல் 8 உடைகள் கண்ணாடி ஓரத்தில் பொம்மைக்கு மாட்டியிருந்து வெயில் பட்டவை. தோள்பட்டையில் நிறம் வெளிறியிருக்கிறது. கடைசி 6 உடைகளில் கழுத்துப் பட்டியின் சாயம் பூவில் இறங்கியிருக்கிறது.

ஒரே ரகம்தான், ஆனால் விலை குறைய மூன்று வேறு காரணங்கள். மூன்றுக்கும் மூன்று அறிவிப்பு தேவை. முதல் 50-க்கு இப்படி எழுதலாம்:

“பருத்தி குர்தி, நீலப் பூ அச்சு. விலை ரூ.449. மார்ச் முதல் ஜூன் வரை இதே கடையில் ரூ.699-க்கு விற்றது. கோடைக்கு வாங்கியதில் மீதம். எல், எக்ஸ்எல் தீர்ந்துவிட்டன. எஸ், டபுள் எக்ஸ்எல் இருக்கின்றன, எம் இரண்டு மட்டும். தீபாவளிச் சரக்குக்கு இடம் தேவைப்படுவதால் விலை குறைத்திருக்கிறோம். துணியிலும் தையலிலும் குறை இல்லை.”

இதில் பெருமைப்படும் சொல் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியும் சரிபார்க்கக்கூடியது என்பதே இதன் பலம். அளவுகள் விட்டுப்போனதால் மலிவு என்று சொன்ன அறிவிப்பு, பக்கத்திலேயே அந்த அளவுகள் இல்லை என்றும் காட்டுகிறது. காரணம் உண்மையா என்று பார்க்க வாங்குபவருக்கும் இதுவே நல்ல வழி. ‘கடைசி மீதம்’ என்று எழுதிவிட்டு எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் சரக்கு இருந்தால் அது மீதம் ஆகாது. தள்ளுபடிக்கென்றே வரவழைத்த சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘கடை காலி செய்கிறோம்’ என்ற பலகை அடுத்த ஆடியிலும் அதே சுவரில் தொங்கினால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய விலையைச் சொல்லும் இடத்தில்தான் சறுக்கல் அதிகம். அந்த குர்தியின் அட்டையில் எம்ஆர்பி 1,299 ரூபாய் என்று அச்சாகியிருக்கலாம். அந்த விலைக்கு ஒன்றுகூட விற்றிருக்காது, விற்றது 699-க்குத்தான். 699-இலிருந்து 449 என்றால் தள்ளுபடி 35 சதவீதத்துக்குச் சற்று மேல். 1,299-ஐக் கோடு போட்டு அடித்துக் காட்டினால் அதே 449 ரூபாய், 65 சதவீதத் தள்ளுபடியாகத் தெரியும். ஒரு பைசாகூடக் கூடுதலாகக் குறையாமல் சதவீதம் மட்டும் ஏறிவிடுகிறது. எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்ச வரம்பு. வழக்கமாக விற்கும் விலைக்குச் சான்று அல்ல. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஒரு பொருள் வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களைத் தவறாக எண்ண வைப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் இறுக்கமானது. அங்கே விலைக் குறைப்பு அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் அதே பொருளுக்கு வாங்கிய மிகக் குறைந்த விலையைப் பழைய விலையாகக் காட்ட வேண்டும். தள்ளுபடிக்கு முந்தைய வாரம் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கும் தந்திரத்தை அடைக்கவே இந்த ஏற்பாடு. எந்த ஊர்க் கடையும் தானாகவே பின்பற்றக்கூடிய அளவுகோல் இது.

‘70 சதவீதம் வரை’ என்பதில் உள்ள ‘வரை’யும் கவனத்துக்குரியது. 64 உடைகளில் ஆறுக்கு மட்டும் 70 சதவீதம் குறைத்து, 50-க்கு 35 சதவீதம் குறைத்த கடை ‘70 சதவீதம் வரை’ என்று எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் வாங்க வருபவர் எதை எதிர்பார்த்து வருகிறார் என்பது கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். பெரும்பகுதிச் சரக்குக்கு என்ன தள்ளுபடியோ அதைத் தலைப்பில் போட்டு, மிகக் குறைந்த விலையில் இருப்பவற்றைத் தனியே சொல்வதே நேர்மை.

வெயில் பட்ட எட்டுக்கு அறிவிப்பு வேறு: “டிஸ்பிளேயில் மாட்டியிருந்தவை. இடது தோள்பட்டையில் ஒரு கை அகலத்துக்கு நிறம் வெளிறியிருக்கிறது. மூன்றாவது படத்தில் பார்க்கலாம். கிழிசலோ கறையோ இல்லை. ரூ.299.” குறை எங்கே, எவ்வளவு என்று சொல்லி அதைப் படத்திலும் காட்டியாகிவிட்டது. ‘சிறு குறைகள் இருக்கலாம்’ என்று பொதுவாக எழுதுவது கடைக்காரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போடும் வரி. வாங்குபவருக்கு அதனால் பயனில்லை. நல்ல உடையைப் படமெடுத்துப் போட்டுவிட்டு வெளிறியதை அனுப்புவது அதைவிட மோசம். சாயம் இறங்கிய ஆறைப் பருவ முடிவு விற்பனையில் சேர்க்கவே கூடாது. அவை பருவம் முடிந்ததால் மீந்தவை அல்ல, குறையால் மீந்தவை. கொடுத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்பலாம். அல்லது ‘செகண்ட்ஸ், துவைத்தால் சாயம் இன்னும் இறங்கும்’ என்று வெளிப்படையாக எழுதி விற்கலாம். செகண்ட்ஸை ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று பெயர் மாற்றி விற்பதும் நடக்கிறது. ஏற்றுமதி ஆர்டருக்குத் தைத்ததில் மிஞ்சியது வேறு, சோதனையில் கழித்துப் போட்டது வேறு.

அவசரப்படுத்தும் சொற்களை எண்ணிக்கை தெரிந்தால் மட்டுமே எழுத வேண்டும். எம் அளவு இரண்டு மட்டும் என்பது உண்மையான அவசரம். எஸ் அளவில் 31 இருக்கும்போது ‘சில மட்டுமே’ என்பது உண்மையல்ல. இணைய வணிகத்தில் இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவதை, ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக இந்திய அரசு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பெயர் சொல்லியே தடுக்கின்றன. 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டுதல்கள் தூண்டில் விளம்பரத்தையும் தொட்டன: சொன்ன விலைக்குக் கொடுக்கப் போதிய சரக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் இருப்பு குறைவு என்று முன்பே சொல்ல வேண்டும்.

விலை இன்னும் இறங்குமா என்பது வாங்குபவருக்கு எப்போதும் உள்ள ஐயம். இன்று 449-க்கு வாங்கியவர் பத்து நாளில் 349 என்று பார்த்தால் அடுத்த ஆண்டு ஆடி முடியும்வரை காத்திருப்பார். இதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்ட் ஃபைலீன் ஒரு வழி கண்டார். தம் குடும்பக் கடையின் நிலத்தடித் தளத்தில் 1909-இல் அவர் தொடங்கிய மலிவு விற்பனையில், பொருள் விற்பனைக்கு வந்த தேதி அதன் அட்டையிலேயே இருக்கும். 12 விற்பனை நாட்களில் போகாவிட்டால் விலையில் கால் பங்கு குறையும், 18 நாளில் பாதி, 24 நாளில் முக்கால். 30 நாளிலும் போகாதது தர்மத்துக்கு. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். காத்திருந்தால் மலிவு, ஆனால் அதற்குள் வேறொருவர் எடுத்துப் போய்விடலாம். முடிவு வாங்குபவர் கையில். ஈரோட்டுக் கடையும் ‘ஆடி முடிந்தும் மீதமிருந்தால் ரூ.349’ என்று முன்பே ஒரு வரி சேர்க்கலாம். விலை இறக்க எண்ணமே இல்லையென்றால் ‘இதற்கு மேல் குறையாது’ என்று எழுதலாம், எழுதிய பிறகு குறைக்கக்கூடாது.

கடைசியாக, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரி. தள்ளுபடி விற்பனையில் இது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அளவு பிடிக்கவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றித் தரமாட்டோம் என்று ஒரு கடை சொல்லலாம். அதை வாங்கும் முன்பே தெரியும்படி சொல்ல வேண்டும். ஆனால் முன்னரே சொல்லாத குறை பொருளில் இருந்தால் நிலைமை வேறு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதையும் 2019 சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. அதற்கான காலம் ரசீதில் குறித்திருந்தால் அதன்படி, குறிக்காவிட்டால் 30 நாட்கள். 449 ரூபாய்க்கு வாங்கிய குர்திக்கும் 699 ரூபாய்க்கு வாங்கிய குர்திக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.