மிகப் பெரியது இல்லை, ஆனாலும் வரம்பு உண்டு

1-ஐவிடச் சிறிய எண்களுக்குள் மிகப் பெரியது எது? யாராவது 0.9 என்றால் 0.99 என்று மடக்கிவிடலாம். அவர் 0.99 என்றால் நாம் 0.999 என்போம். முடிவே இல்லாமல் ஒன்பதுகளை அடுக்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் முடிவில்லாத அந்த 0.999… என்பது 1-தான், 1-ஐவிடச் சிறியது அன்று. கேள்விக்கு விடை, அப்படி ஓர் எண்ணே கிடையாது என்பதுதான். நீங்கள் x என்று எதை நீட்டினாலும் x-க்கும் 1-க்கும் நடுவில் (x + 1)/2 உட்கார்ந்திருக்கும். அது x-ஐவிடப் பெரியது, 1-ஐவிடச் சிறியது.

மிகப் பெரிய உறுப்பு இல்லை என்பதால் இந்தக் கணம் கட்டுக்கடங்காமல் ஓடிவிடவில்லை. 1-ஐ அது தாண்டுவதே இல்லை. கணத்துக்கு வெளியே, ஆனால் அதை ஒட்டினாற்போல் நிற்கும் இந்த 1-க்கு மீச்சிறு மேல்வரம்பு என்று பெயர். சுப்ரீமம் என்றும் சொல்வார்கள், எழுதும்போது sup. கல்லூரியில் மெய்யெண் பகுப்பாய்வு தொடங்கியதுமே மாணவர்கள் தடுக்கி விழும் முதல் படி இது.

வரையறை இரண்டு பகுதிகளால் ஆனது. ஒரு கணத்தின் எல்லா உறுப்புகளும் ஓர் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடச் சிறியவையாகவோ இருந்தால் அந்த எண் ஒரு மேல்வரம்பு. மேலே சொன்ன கணத்துக்கு 1 மேல்வரம்பு, 5 மேல்வரம்பு, ஆயிரமும் மேல்வரம்புதான். வரம்பு ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கு மேலுள்ள எல்லா எண்களும் வரம்புகளே, ஆகவே மேல்வரம்பைக் கண்டுபிடிப்பதில் பெருமை ஒன்றுமில்லை. அவற்றுள் மிகச் சிறியது எது என்பதுதான் கேள்வி. அதற்கு விடையாக வருவது sup. கீழ்ப்பக்கமும் இதே கதைதான்: கீழ்வரம்புகளுள் மிகப் பெரியது மீப்பெரு கீழ்வரம்பு, அதாவது இன்ஃபிமம், சுருக்கமாக inf.

"மிகச் சிறியது" என்பதை நிறுவ ஒரு வழி இருக்கிறது. s என்ற மேல்வரம்பிலிருந்து கொஞ்சம், எவ்வளவு கொஞ்சமானாலும் சரி, கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். அந்தக் குறைவை ε என்ற எழுத்தால் குறிப்பார்கள். s − ε-க்கு மேலே கணத்தின் உறுப்பு ஒன்றாவது தலைநீட்டினால் s − ε வரம்பாக இருக்க முடியாது. ε எதுவானாலும் இப்படி ஓர் உறுப்பு கிடைக்கிறது என்று காட்டிவிட்டால் s-தான் sup. தேர்வுத்தாள்களில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். மேல்வரம்பு என்று காட்டியதோடு நிறுத்திவிட்டு "ஆகவே sup" என்று எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அதே வாதத்தால் ஆயிரத்தையும் sup என்று நிறுவிவிடலாமே!

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். n = 1, 2, 3, … என்று இயல் எண்கள் எல்லாவற்றுக்கும் 2n/(n + 3) என்ற எண்களைச் சேர்த்து ஒரு கணம் அமைக்கிறோம். முதல் சில உறுப்புகள் 1/2, 4/5, 1, 8/7. பத்தாவது சுமார் 1.538, நூறாவது சுமார் 1.942. 2-ஐ நோக்கி ஏறுவதுபோல் தெரிகிறது. தெரிந்தால் போதாது, நிறுவ வேண்டும். அதற்கு 2-லிருந்து உறுப்பைக் கழித்துப் பார்ப்பதே சுலபம்:

2 − 2n/(n + 3) = 6/(n + 3)

வலப்பக்கம் எப்போதும் நேர் எண், ஆகவே எந்த உறுப்பும் 2-ஐ எட்டாது. முதல் பகுதி முடிந்தது. இப்போது 2-ஐ 0.01 மட்டும் இறக்குவோம். 1.99-ஐ மீறும் உறுப்பு உண்டா? 6/(n + 3) என்ற இடைவெளி 0.01-க்குள் அடங்க வேண்டும், அதாவது n + 3 என்பது 600-ஐத் தாண்ட வேண்டும். n = 597 என்றால் இடைவெளி சரியாக 0.01, உறுப்பு சரியாக 1.99. அது மீறவில்லை, தொட்டு மட்டும் நிற்கிறது. n = 598-இல் மீறிவிடுகிறது. 0.01-க்குப் பதிலாக எந்த ε கொடுத்தாலும் 6/ε − 3 என்பதைவிடப் பெரிய இயல் எண் ஒன்றை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அப்படி ஓர் இயல் எண் எப்போதும் இருக்கும் என்ற உறுதிக்கு ஆர்க்கிமிடீஸ் பண்பு என்று பெயர். ஆக, sup = 2, ஆனால் 2 இந்தக் கணத்தில் இல்லை.

கீழ்ப்பக்கம் இவ்வளவு பாடு இல்லை. 2n/(n + 3) ≥ 1/2 என்பதைக் குறுக்கே பெருக்கினால் 4n ≥ n + 3, அதாவது n ≥ 1. எல்லா n-க்கும் இது உண்மை. n = 1-இல் 1/2 என்ற மதிப்பே கிடைத்துவிடுகிறது. வரம்பு கணத்துக்குள்ளேயே இருப்பதால் இரண்டாம் பகுதிக்குத் தனி உழைப்பு வேண்டாம், 1/2-ஐவிடப் பெரிய எந்த எண்ணையும் அந்த 1/2 என்ற உறுப்பே தோற்கடித்துவிடும். inf = 1/2, அதுவே மிகச் சிறிய உறுப்பும்கூட.

தொடர்வரிசைக்கு வந்தால் ஒரு புதுக் குழப்பம் முளைக்கிறது. sup என்பதும் எல்லை என்பதும் ஒன்று என்ற எண்ணம் எப்படியோ மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. முந்தைய கணக்கில் இரண்டும் 2-ஆகவே அமைந்ததும் அதற்கு ஒரு காரணம். எனவே xₙ = (−1)ⁿ + 2/n என்பதை எடுத்துக்கொள்வோம். உறுப்புகள் வரிசையாக 1, 2, −1/3, 1.5, −0.6, 1.333… என்று மேலும் கீழும் துள்ளுகின்றன. இதற்கு எல்லையே கிடையாது. இரட்டை இடங்கள் 1-ஐ நோக்கியும் ஒற்றை இடங்கள் −1-ஐ நோக்கியும் போகின்றன. ஆனால் sup, inf இரண்டும் உண்டு.

ஒற்றை, இரட்டை என்று பிரித்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். n இரட்டை என்றால் xₙ = 1 + 2/n. n குறைந்தது 2 என்பதால் இது 2-ஐத் தாண்டாது. n ஒற்றை என்றால் xₙ = −1 + 2/n, அது 1-ஐத் தாண்டாது. 2 இரண்டாவது உறுப்பாகவே வந்துவிட்டது. ஆக sup = 2, அதுவே மிகப் பெரிய உறுப்பு. தொடர்வரிசை கடைசியில் எங்கே போகிறது என்பதோடு இந்த 2-க்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. முதல் இரண்டு உறுப்புகளை நீக்கிவிட்டால் எஞ்சியதன் sup 1.5-ஆகக் குறைந்துவிடும்.

inf-க்கு −1 என்று யூகிக்கலாம். எல்லா உறுப்புகளும் −1-ஐவிடப் பெரியவை என்பது பார்த்தாலே தெரிகிறது. −1-ஐ 0.01 உயர்த்தினால் −0.99. அதற்குக் கீழே ஓர் உறுப்பு வேண்டும். 2/n < 0.01 என்று எழுதி, n > 200 என்று கண்டு, n = 202 என்று போட்டால் வருவது 1.0099. எங்கோ மேலே போய்விட்டோம். ஒற்றை எண்ணைத்தான் எடுக்க வேண்டும்: n = 201 என்றால் xₙ ≈ −0.99005, வேண்டியது கிடைத்தது. inf = −1, ஆனால் எந்த உறுப்பும் −1 அன்று.

இதுவரை sup-ஐ நாம் கண்ணால் பார்த்து யூகித்தோம், பிறகு நிறுவினோம். யூகிக்க ஓர் எண்ணே இல்லாவிட்டால்? விகிதமுறு எண்களை, அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்களை மட்டுமே நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கம் 2-க்குக் குறைவாக இருக்கும் நேர் விகிதமுறு எண்களின் கணம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 3/2 ஒரு மேல்வரம்பு, ஏனெனில் அதன் வர்க்கம் 2.25. அதைவிடச் சிறிய மேல்வரம்பு வேண்டுமா? b-க்கும் 2/b-க்கும் சராசரி எடுக்க வேண்டும். 3/2-க்கும் 4/3-க்கும் சராசரி 17/12, அதன் வர்க்கம் 2 + 1/144. இன்னும் மேல்வரம்புதான், ஆனால் சிறியது. மறுபடி செய்தால் 577/408, வர்க்கம் 2 + 1/166464. (√2-க்கு இதே 577/408 பௌதாயனரின் சுல்ப சூத்திரத்தில் வேறு வடிவில் இருக்கிறது.) சராசரியின் வர்க்கம் 2-ஐவிட (b − 2/b)²/4 அளவுக்குக் கூடுதலாக இருக்கும் என்பதைச் சில வரிகளில் சரிபார்க்கலாம். அந்தக் கூடுதல் சுழியாவதில்லை, ஏனெனில் எந்தப் பின்னத்தின் வர்க்கமும் 2 ஆகாது. ஆகவே ஒவ்வொரு மேல்வரம்புக்குக் கீழும் இன்னொரு மேல்வரம்பு இருக்கிறது. இதே உத்தியைத் திருப்பிப் பிடித்தால் கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கு மேலும் இன்னோர் உறுப்பு இருப்பது தெரியும்: 7/5-க்கும் 10/7-க்கும் சராசரி 99/70, 2-ஐ அதனால் வகுத்தால் 140/99. அது 7/5-ஐவிடப் பெரியது, அதன் வர்க்கமோ 2-க்குக் குறைவு. மேலே வரம்புகள் இறங்கிக்கொண்டே, கீழே உறுப்புகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் எண் எதுவும் இல்லை, ஓர் ஓட்டைதான் இருக்கிறது.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் மெய்யெண்களின் வேலை. வெற்றுக்கணமாக இல்லாத, மேல்வரம்பு உள்ள எந்த மெய்யெண் கணத்துக்கும் sup உண்டு. இது முழுமைப் பண்பு. பிராகில் வாழ்ந்த போல்சானோ 1817-இலேயே ஒரு தேற்றத்துக்காக இதைப் பயன்படுத்தினார், ஆனால் மெய்யெண் என்றால் என்ன என்ற வரையறை அப்போது கையில் இல்லை. அதைத் தந்தவர்களுள் ஒருவர் டெடகிண்ட். சூரிச்சில் பாடம் நடத்தியபோது, ஏறும் அளவு ஒன்று வரம்புக்கு உட்பட்டிருந்தால் அதற்கு எல்லை உண்டு என்பதை நிறுவ உருப்படியான அடிப்படையே இல்லையே என்று உறுத்திக்கொண்டிருந்தது அவருக்கு. 1858 நவம்பர் 24 அன்று விடை கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதை அச்சிட்டதோ 1872-இல்தான்.

அவரை உறுத்திய அந்தத் தேற்றம், sup கையில் இருந்தால் மூன்றே வரி. தொடர்வரிசை ஏறிக்கொண்டே போகிறது, மேலே வரம்பும் இருக்கிறது என்றால் முழுமைப் பண்பின்படி அதற்கு s என்ற sup உண்டு. ε எதுவானாலும் s − ε-ஐ மீறும் உறுப்பு ஒன்று இருக்கிறது, அது N-ஆவது உறுப்பு என்போம். தொடர்வரிசை இறங்காது, s-ஐத் தாண்டவும் தாண்டாது, எனவே N-க்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும் s − ε-க்கும் s-க்கும் நடுவில் சிக்கிக்கொள்கின்றன, அதாவது எல்லை s.

(1 + 1/n)ⁿ என்பதை இதில் போட்டுப் பாருங்கள். n = 1-க்கு 2, n = 2-க்கு 2.25, n = 10-க்குச் சுமார் 2.594, n = 100-க்குச் சுமார் 2.705. இது ஏறிக்கொண்டே போகிறது என்பதையும் 3-ஐ எட்டுவதில்லை என்பதையும் ஈருறுப்புத் தேற்றத்தால் காட்டலாம். அவ்வளவு தெரிந்தால் போதும், sup எவ்வளவு என்று தெரியாமலே அது இருக்கிறது என்றும் அதுவே எல்லை என்றும் சொல்லிவிடலாம். அந்த எண்ணைத்தான் e என்கிறோம், மதிப்பு 2.71828…. அது விகிதமுறா எண் என்று 1737-இல் எழுதிய கட்டுரையில் ஆய்லர் காட்டினார். இங்கே ஒவ்வோர் உறுப்பும் விகிதமுறு எண்தான், அவற்றின் sup மட்டும் அப்படி இல்லை.