எத்தனை கிலோவாட்? அதை மீட்டர் சொல்லட்டும்

மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மாடியில் சோலார் போட என்ன செலவாகும் என்று மூன்று நிறுவனங்களிடம் போனில் கேட்கிறார்கள். ஒருவர் இரண்டு மாத பில் தொகையைக் கேட்டுவிட்டு 8 கிலோவாட்டுக்கு விலை அனுப்புகிறார். ஒருவர் மாடியின் நீள அகலத்தைக் கேட்டு 10 என்கிறார். மற்றவர் எத்தனை ஏ.சி. என்று விசாரித்து 5 என்கிறார். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் இந்த மூன்று கொட்டேஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. திறனைக் கேட்பவரே முடிவு செய்து எழுதியிருக்க வேண்டும்.

அதற்கு ஒரு வருட பில்கள் போதும். நம் அலுவலகத்தின் ஆறு பில்களையும் கூட்டினால் 10,800 யூனிட். அதாவது நாளைக்கு 30. தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும் என்பது கணக்கு. 30ஐ 4ஆல் வகுத்தால் ஏழரை. பில்லை மட்டும் பார்த்தவர் 8 என்று சொன்னது இப்படித்தான்.

அந்த 30 யூனிட் எந்த நேரத்தில் செலவாகிறது என்பதை பில் காட்டாது. ஒரு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மீட்டரைப் படித்து எழுதி வையுங்கள். இங்கே வேலை நாளில் பகலில் 27 யூனிட், இரவில் 7, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் 3 என்று வருகிறது. 8 கிலோவாட் போட்டால் 32 யூனிட் உற்பத்தியாகும். வேலை நாளிலேயே மிச்சம், ஞாயிறன்று ஏறக்குறைய முழுவதும் மிச்சம். மிச்சமாவது மின்வாரியத்துக்குப் போகும். வீட்டு இணைப்பில் கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழித்துக்கொள்ளலாம். வணிக இணைப்புக்கு அந்தச் சலுகை இல்லை. வாரியம் நமக்கு விற்கும் விலையைவிட நம்மிடம் வாங்கும் விலை மிகக் குறைவு. 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் மானியமும் வீடுகளுக்கு மட்டும்தான். ஆகவே பகல் செலவுக்குச் சற்றுக் கீழே, நாளைக்கு 20 யூனிட் தரும் 5 கிலோவாட்தான் இந்த அலுவலகத்துக்குச் சரி. அனுமதிக்கப்பட்ட மின்பளு 7 கிலோவாட் என்று பில்லில் இருக்கிறது. சோலார் அதைத் தாண்டக் கூடாது என்பதால் 8 போட முதலில் பளுவைக் கூட்டச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து மாடி. 1 கிலோவாட்டுக்கு, நடந்துபோகும் இடத்தையும் சேர்த்து, 100 சதுர அடி. அது நிழல் விழாத இடமாக இருக்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது, 10 அடி உயர மாடிப்படி அறையின் நிழல் காலை 9 மணிவாக்கில் சுமார் 16 அடி நீளும். ஆனியில் மதுரைக்கு நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்குப் பக்கம் விழும். பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் மேல் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே குறைக்கக்கூடும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் கட்டடம், செல்போன் கோபுரம் எல்லாம் தெரியும்படி காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் படமெடுத்து அனுப்புங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் கடிதம் எழுதுவது எளிது:

“ஐயா, வணக்கம். மதுரையில் உள்ள எங்கள் இரண்டு மாடி அலுவலகத்துக்கு 5 கிலோவாட் சோலார் அமைக்க விலைப்புள்ளி தேவை. வணிக இணைப்பு, த்ரீ பேஸ், அனுமதிக்கப்பட்ட மின்பளு 7 கிலோவாட். வேலை நாளில் பகல் செலவு 27 யூனிட், ஞாயிறு விடுமுறை. கான்கிரீட் மாடி, மேலே தட்டோடு பதித்தது. மேற்குப் பக்கம் 550 சதுர அடி நிழல் இல்லாமல் இருக்கிறது. தட்டோட்டில் துளை போடக் கூடாது. மாடியிலிருந்து மீட்டர் பெட்டிக்கு ஒயர் செல்லும் தூரம் சுமார் 25 மீட்டர். மின்தடையின்போது சர்வரும் இரண்டு கணினிகளும் ஓட வேண்டும். அதற்கான பேட்டரி விலையைத் தனியாகக் குறிப்பிடவும். படங்களும் ஆறு பில்களும் இணைத்துள்ளோம்.”

பேட்டரி வரியைத் தனியாக எழுதியதற்குக் காரணம் உண்டு. சாதாரண சோலார் இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். கொளுத்தும் வெயிலிலும் அலுவலகம் இருட்டாகத்தான் இருக்கும். பலர் இதைப் பணம் கட்டிய பிறகே அறிகிறார்கள். மின்தடையிலும் ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். விலை கணிசமாக ஏறும்.

தட்டோட்டைக் குறிப்பிட்டதும் அப்படித்தான். துளை போட்டு ஆணி முடுக்கினால் அடுத்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகும். கான்கிரீட் கட்டைகளின் மேல் தாங்கியை நிறுத்தலாம். காற்றுக்கு அது அசையாதிருக்க எவ்வளவு எடை வைப்பார்கள் என்று கேளுங்கள்.

பதிலாக வரும் கொட்டேஷனில் பேனல், இன்வெர்ட்டர் இரண்டின் நிறுவனமும் மாடல் எண்ணும், தாங்கி எந்த இரும்பில் ஆனது, எர்த்திங் குழிகள் எத்தனை, எத்தனை மீட்டர் ஒயர் விலையில் அடக்கம், மின்வாரிய விண்ணப்பத்தையும் மீட்டர் மாற்றத்தையும் யார் பார்ப்பது, வரி எவ்வளவு என்பவை தனித்தனி வரிகளாக இருக்கட்டும். மொத்தத் தொகை மட்டும் எழுதி அனுப்பியவரிடம் திரும்பக் கேளுங்கள். 25 மீட்டர் ஒயரில் 10 மீட்டர்தான் விலையில் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். முன்பணம் கொடுக்குமுன் அவர் ஒருமுறை மாடிக்கு வந்து, மாடிப்படி அறையின் நிழல் மார்கழியில் எதுவரை வரும் என்று டேப் வைத்து அளந்து காட்டட்டும்.