தேதி தாண்டிய ரிசல்ட்

தேர்வு முடிவு தாமதமானால் முறையிட இப்போது விதி இருக்கிறது. மனு பலிப்பதும் பலிக்காததும் அதை எழுதும் விதத்தில் இருக்கிறது.

2017 ஜூலை 31. மும்பைப் பல்கலைக்கழகத்தின் வேந்தரான ஆளுநர் சி. வித்யாசாகர் ராவ் விதித்த கெடு அன்றோடு முடிந்தது. அதற்குள் எல்லாத் தேர்வு முடிவுகளும் வெளியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சுமார் 17 லட்சம் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து, ஆசிரியர்கள் கம்ப்யூட்டர் திரையிலேயே திருத்தும் முறையை ஒரே வீச்சில் புகுத்தியதால் வந்த வினை இது. முடிவுகள் செப்டம்பர் வரை இழுத்தடித்தன. அக்டோபரில் துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் பதவி நீக்கப்பட்டார்.

இத்தனைக்கும், 45 நாட்களுக்குள் முடிவை வெளியிட வேண்டும் என்று மகாராஷ்டிரச் சட்டமே சொல்கிறது. மேல்படிப்புக்கு மதிப்பெண் பட்டியல் கேட்கப்பட்ட மாணவருக்குத் துணைவேந்தரின் பதவி பறிபோனதால் என்ன பயன்? அவருக்குத் தேவைப்பட்டது தன் பெயரில் ஒரு பதில்.

அந்தப் பதிலைக் கேட்டு வாங்குவதற்கான வழியைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் தருகின்றன. எவையெல்லாம் 'குறை' என்ற பட்டியலில், கல்வி நாட்காட்டியில் குறித்த காலத்தைத் தாண்டித் தேர்வு நடத்துவதும் முடிவு வெளியிடுவதும் இடம்பெற்றுள்ளன. ஆக, 'ரிசல்ட் இன்னும் வரவில்லை' என்ற புலம்பல் போதாது. எந்த நாட்காட்டியில் எந்தத் தேதி குறிக்கப்பட்டிருந்தது என்பதே மனுவின் உயிர்.

முதுகலைக் கடைசி செமஸ்டர் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசித் தேர்வு மே 20. நாட்காட்டிப்படி முடிவு ஜூலை 10. வேலையில் சேர ஆகஸ்ட் 31க்குள் மதிப்பெண் பட்டியல் காட்ட வேண்டும். ஜூலை 11 ஆகியும் ஒன்றும் வரவில்லை. அவர் முதலில் பார்க்க வேண்டியது வகுப்புத் தோழிகளின் முடிவை. அவர்களுக்கு வந்து இவருக்கு மட்டும் வராவிட்டால் அது தாமதமல்ல, நிறுத்திவைப்பு. துறையிலிருந்து இன்டர்னல் மதிப்பெண் போய்ச் சேராமலிருக்கலாம், கட்டண பாக்கி இருக்கலாம். அதற்குத் துறைத் தலைவரிடமும் தேர்வுப் பிரிவிலும் விசாரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். யாருக்குமே வரவில்லை என்றால்தான் இது நாட்காட்டி மீறல்.

அப்போது மனு பல்கலைக்கழகத்தின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போக வேண்டும். இணைப்புக் கல்லூரி மாணவர்கள் பலர் கல்லூரிக் குழுவிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தேர்வு நடத்தியது பல்கலைக்கழகம் என்றால் கல்லூரி அந்த மனுவை மேலே அனுப்பத்தான் முடியும். அதற்குள் இரண்டு வாரம் போய்விடும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெயர், பதிவு எண், தேர்வின் பெயர், கடைசித் தேர்வு நடந்த நாள், நாட்காட்டி சொன்ன நாள் இருந்தால் போதும். நாட்காட்டியின் அந்தப் பக்கத்தை அப்படியே இணைக்க வேண்டும். இணையதளத்தில் நாட்காட்டி சத்தமில்லாமல் திருத்தப்படுவதும் உண்டு என்பதால் பழைய பிரதியை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பவர் புத்திசாலி. பிறகு கோரிக்கை. 'உடனே வெளியிடுக' என்று எழுதினால் 'நடவடிக்கையில் உள்ளது' என்ற பதிலோடு கதை முடியும். மாணவி கேட்க வேண்டியவை இரண்டு: முடிவு வெளியாகும் தேதியை எழுத்தில் தர வேண்டும், அதுவரை, தேர்வு எழுதியதையும் தாமதம் பல்கலைக்கழகத்தால்தான் என்பதையும் உறுதிசெய்து தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கடிதம் தர வேண்டும். ஆகஸ்ட் 31க்குள் மாணவியைக் காப்பாற்றக்கூடியது பெரும்பாலும் இந்தக் கடிதம்தான்.

அவசரம் ஏன் என்பது கணக்குப் போட்டால் புரியும். குழு 15 வேலை நாட்களுக்குள் பரிந்துரையை அனுப்ப வேண்டும். அதாவது மூன்று வாரம், அதுவும் 'முடிந்தவரை'. திருப்தியில்லை என்றால் 15 நாட்களுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி இந்தப் பதவியில் இருப்பார். அவருக்கு 30 நாள். ஜூலை 11இல் மனு கொடுத்தால் ஆகஸ்ட் தொடக்கத்தில் குழுவின் பதில் கிடைக்கலாம். ஆகஸ்ட் 10 வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் அந்தப் பதில் வருவதற்குள் மாதமே முடிந்துவிடும்.

குழுவின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. அதனால் விடைத்தாளைத் திருத்த முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். 'மதிப்பெண் குறைவாக வரும் என்று அஞ்சுகிறேன்' போன்ற வரிகளை மனுவில் சேர்ப்பது வீண். மறுமதிப்பீட்டுக் கோரிக்கைகளைக் குறிப்பிட்ட முறைகேட்டையோ பாகுபாட்டையோ காட்டினாலன்றிக் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார். குழு விசாரணைக்கு அழைத்தால் நேரில் போகலாம், தன் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம்.

மனுவை நேரில் கொடுப்பவர் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பக் கூடாது. பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் புகார்ப் பக்கத்தில் பதிவு செய்தால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த 15 நாட்களும் எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கின என்று பின்னர் தகராறு வந்தால், மாணவியின் கையில் இருக்கும் ஆதாரம் அது மட்டுமே.