அடுத்த தேதியை எங்கிருந்து எண்ணுவது?

நாய்க்குட்டிக்கு முதல் ஊசி போட்டதும் டாக்டர் ஒரு சிறிய அட்டையைக் கையில் கொடுப்பார். ஊசி மருந்துக் குப்பியில் இருந்த லேபிளை உரித்து அதில் ஒட்டியிருப்பார். பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: ஒன்றில் போட்ட தேதி, இன்னொன்றில் அடுத்த தேதி. வீட்டுக்கு வந்ததும் நாம் அந்த இரண்டாவது தேதியை மட்டும் எடுத்து, செல்போனிலோ சுவரில் தொங்கும் மாதக் காலண்டரிலோ குறித்துக்கொள்கிறோம். அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. பிசகு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நினைவூட்டல் சரியாக இருக்க வேண்டுமானால் முதலில் வேண்டியது போட்ட தேதி. அடுத்தது அதிலிருந்து பிறப்பது.

இதை ஒரு குட்டியின் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம். மணி என்ற நாட்டு நாய்க்குட்டி 2025 ஜனவரி 10 அன்று பக்கத்து வீட்டு கார் ஷெட்டில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். 45 நாள் ஆனதும், பிப்ரவரி 24 அன்று, நம் வீட்டுக்கு வருகிறது. எடை 2 கிலோ.

ஊசி ஏன் மூன்று முறை?

குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் நோய் பார்வோ. ரத்தமும் நாற்றமுமாக வயிற்றுப்போக்கு, ஓயாத வாந்தி, இரண்டு மூன்று நாளில் குட்டி துவண்டுவிடும். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிறந்த ஓரிரு நாளில் தாய் தரும் சீம்பாலில் இதற்கெதிரான காப்பு கொஞ்சம் குட்டிக்குக் கிடைக்கிறது. அந்தக் காப்பு வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டே போகும். சில குட்டிகளுக்கு எட்டு வாரத்தில் தீர்ந்துவிடும், சிலவற்றுக்குப் பதினான்கு வாரம் வரைகூட இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், தாய் கொடுத்த காப்பு இருக்கும்வரை அது தடுப்பூசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். எனவே எட்டாவது வாரத்தில் போட்ட ஊசி மணிக்குப் பிடித்ததா, வீணானதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் சுமார் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசி பதினாறு வாரம் முடிந்த பிறகு இருக்க வேண்டும் என்பது இதில் முக்கியமான விதி. முதல் இரண்டும் வீணாகியிருந்தாலும் அந்தக் கடைசி ஊசி பிடித்துவிடும். ‘இரண்டு ஊசி போட்டாச்சே, போதாதா’ என்று பன்னிரண்டாவது வாரத்தோடு நிறுத்தியவர்களின் குட்டிகளில் சிலவற்றைத்தான் பார்வோ பிடிக்கிறது.

மணியின் கணக்குப்படி முதல் ஊசி எட்டு வாரத்தில், மார்ச் 7. இரண்டாவது ஏப்ரல் 4. அன்றோடு பன்னிரண்டு வாரம் முடிவதால் ரேபிஸ் ஊசியும் சேரும். மூன்றாவது மே 2. வீட்டில் செல்போனில் மூன்று தேதிக்கும் அலாரம் வைத்தாயிற்று.

தேதி தவறினால்

ஏப்ரல் 4 அன்று மகனுக்குப் பரீட்சை. பிறகு சித்திரை முதல் நாளுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கடைசியில் மணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஏப்ரல் 22. இரண்டாவது ஊசியையும் ரேபிஸையும் போட்டார்கள்.

பத்தே நாளில், மே 2 அன்று, செல்போன் ஒலிக்கிறது: மூன்றாவது ஊசி! அதற்கு ஒன்றும் தெரியாது, மார்ச்சில் சொன்னதைச் சொல்கிறது. அதை நம்பிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வேறொரு கிளினிக்குக்குப் போனால் கெடுதல்தான். இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும். முதல் ஊசி கிளப்பிய எதிர்ப்பு அடங்குவதற்குள் அடுத்ததைப் போட்டால் அது சரியாகப் பிடிக்காது. சரியான தேதி, போட்ட ஏப்ரல் 22-இலிருந்து நான்கு வாரம் எண்ணினால் வருவது: மே 20.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மார்ச் 7-க்கும் ஏப்ரல் 22-க்கும் இடையே 46 நாள் ஓடிவிட்டது. அதே ஊசியில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் கலந்திருக்கிறது. அதற்கு இரண்டு தவணைகள் இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில் விழுந்தால்தான் பலன். ஆறு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் முதல் தவணையைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாக இரண்டு போடச் சொல்வார்கள். மணிக்கு ஏப்ரல் 22-உம் மே 20-உம் அந்த இரண்டு தவணைகளாக அமைந்துவிட்டன. மே 20 அன்று மணிக்கு வயது பதினாறு வாரத்தைத் தாண்டிவிட்டதால் பார்வோ கணக்கும் நேராகிவிட்டது. தேதி தவறியது பெரிய குற்றமில்லை. தவறிய பிறகு பழைய அட்டவணையையே பிடித்துத் தொங்குவதுதான் தவறு.

இடையில் ஒரு விலை உண்டு. கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை மணியைத் தெருவில் விடக்கூடாது. மே 16-இல் முடிந்திருக்க வேண்டிய வீட்டுக்காவல் ஜூன் 3 வரை நீண்டுவிட்டது.

பூச்சி மாத்திரைக்கு எடையும் வேண்டும்

குட்டி பிறக்கும்போதே வயிற்றில் புழுவோடு வரலாம். தாயின் உடலில் உறங்கிக் கிடக்கும் நாக்குப்பூச்சியின் இளம்புழுக்கள் கருவிலேயே குட்டிக்குள் புகுந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். நாம் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். உடம்பின் மற்ற பகுதிகளில் அலைந்துகொண்டிருக்கும் இளம்புழுக்கள் தப்பித்து, சில நாளில் குடலுக்கு வந்து வளரும். அவற்றைப் பிடிக்கத்தான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து. மூன்று மாதம் வரை அப்படி, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது நம் ஊர் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் முறை.

இந்த நினைவூட்டலில் தேதி மட்டும் இருந்தால் பாதி வேலைதான். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பிப்ரவரியில் 2 கிலோ இருந்த மணி ஏப்ரலில் 5 கிலோ. போன தடவை கொடுத்த அளவையே கொடுத்தால் தேவையில் பாதிகூட உள்ளே போகாது. எனவே மாத்திரை நாளுக்கு முந்தைய நாள் எடை பார்க்க வேண்டும். குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை இயந்திரத்தில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள். வித்தியாசம்தான் குட்டியின் எடை. தேதி, எடை, மருந்தின் பெயர், கொடுத்த அளவு நான்கையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள்.

மருந்து கொடுத்தும் வால் அடியிலும் படுக்கையிலும் அரிசிமணி போல ஏதோ ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கும்போது அது உள்ளே போகிறது. தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அரிசிமணி திரும்ப வரும். ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுத்தால் கொக்கிப்புழு ரத்தம் குடிப்பதாக இருக்கலாம். அதற்கு அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது.

“மணிக்குச் சோறு வெச்சாச்சா?”

“தெரியலையே, அம்மா வெச்சிருப்பாங்க.”

சாப்பாட்டு நினைவூட்டலில் நாய் பட்டினி கிடப்பதைவிட அடிக்கடி நடப்பது இரண்டு பேர் போடுவதுதான். அப்பா ஆறரைக்குப் போட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்ப, வாலாட்டி நிற்கும் மணியைப் பார்த்துப் பாட்டி ஏழரைக்கு மறுபடி போடுவார். அலாரம் எல்லார் செல்போனிலும் அடித்தால் இது இன்னும் மோசமாகும். ஒரு நாளைக்கு வேண்டிய தீனியைக் காலையிலேயே ஒரு டப்பாவில் அளந்து வைத்துவிட்டால் போதும். யார் போட்டாலும் அதிலிருந்துதான் போட வேண்டும், தீர்ந்தால் தீர்ந்தது.

வேளைக்கணக்கு வயதோடு மாறும் என்பதையும் குறிக்க வேண்டும். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு முறை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. மணிக்கு ஏப்ரல் 10-உம் ஜூலை 10-உம் அந்த மாறும் நாட்கள்.

வருஷத்துக்கு ஒரு நாள்

ரேபிஸ் போட்டது 2025 ஏப்ரல் 22. அடுத்தது 2026 ஏப்ரல் 22. மாதக் காலண்டரில் குறிப்பவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தத் தேதி இந்த வருஷக் காலண்டரில் இல்லை. ஜனவரியில் புதுக் காலண்டர் மாட்டும்போது பழையதோடு நம் குறிப்புகளும் குப்பைக்குப் போய்விடும். அதனால் வருடாந்திரத் தேதிக்கு அட்டைதான் ஆதாரம். அதைப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேராவது வைத்திருங்கள்.

கலப்பு ஊசி மே 20-இல்தானே முடிந்தது என்று தனியாக ஒரு நாள் வைக்க வேண்டியதில்லை. முதலில் வரும் ஏப்ரல் 22-ஐயே வருடாந்திர நாளாக்கி, டாக்டரிடம் கேட்டு இரண்டையும் ஒன்றாக முடித்துக்கொள்ளலாம். எலிக்காய்ச்சல் காப்பு ஓராண்டுதான் நிற்கும், அதனால் அது வருஷா வருஷம் வேண்டும். பார்வோ மருந்துக்கு, ஓராண்டு ஊசிக்குப் பிறகு மூன்று ஆண்டு இடைவெளி போதும் என்று உலக அளவிலான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எதை எப்போது போடுவது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஊசி இல்லாத வருஷத்திலும் அந்த நாள் போக வேண்டும். பல், ஈறு, காது, இதயத் துடிப்பு, தோலுக்கடியில் கட்டி என்று டாக்டர் கை வைத்துப் பார்ப்பது அன்றைக்குத்தான். அன்று காலை போட்ட மலத்தைச் சிறு டப்பாவில் கொண்டுபோனால் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். போன வருஷ எடையும் கையில் இருக்கட்டும். 20 கிலோ நாய் 18 ஆனால் தினமும் பார்க்கும் நம் கண்ணுக்குத் தெரியாது. பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிந்தால் அவர் காரணம் தேடுவார். ஏழு வயதைத் தாண்டிய நாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்லது. ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். முகம் வீங்கினாலோ தடித்தாலோ உடனே மருந்து கிடைக்கும்.

பீரோவில் இருக்கும் அட்டையை இன்று எடுத்துப் பாருங்கள். ரேபிஸ் வரியில் போட்ட தேதி என்று எழுதியிருப்பதிலிருந்து விரல் விட்டு எண்ணுங்கள். பன்னிரண்டு மாதம் தாண்டியிருந்தால் செல்போன் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாம், நாளைக் காலையே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.